பழுப்புத் தட்டு

எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். திபிலிசியில் ஆற்றைப் பார்த்த சரிவில் இருக்கும் எங்கள் ஃபேஜ் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருடமாக அதையேதான் செய்கிறேன். பாக்டீரியா படர்ந்த தட்டில் அதைக் கொல்லும் ஃபேஜ் வைரஸ் ஒரு சொட்டு விட்டு மறுநாள் அந்த இடம் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தால், புதிதாக வந்தவர்கள் கை தட்டுவார்கள். நான் தட்டமாட்டேன். ஃபேஜைச் சுத்தப்படுத்தப் போட்ட குளோரோஃபார்ம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பாக்டீரியா செத்து அதே மாதிரித் தெளியும். பத்து மடங்கு, நூறு மடங்கு, லட்சம் மடங்கு என்று நீர்க்கச் செய்து விட்டுப் பார்க்கவேண்டும். அப்போதும் ஊசி குத்தின மாதிரித் தனித்தனி ஓட்டைகள் விழுந்தால்தான் உள்ளே ஃபேஜ் பெருகுகிறது என்று ஒத்துக்கொள்வேன்.

"உனக்குக் கல்யாணம் ஆனதே ஆச்சரியம்" என்பான் என்னோடு வேலை செய்யும் வக்தாங். "மோதிரத்தை எத்தனை மடங்கு கரைச்சுப் பார்த்தே?"

வீட்டில் இந்தக் குணத்தால் நான் பட்டது வேறு கதை. கூடத்தில் அது யாரையும் கெடுத்ததில்லை என்றுதான் ஜும்பெர் விஷயம் வரும்வரை நினைத்திருந்தேன்.

ஜும்பெர் மினிபஸ் ஓட்டுநர். தெலாவி சாலையில் வண்டி கவிழ்ந்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியது. கம்பி வைத்தார்கள், சீழ் பிடித்தது, கம்பியை எடுத்தார்கள், சீழ் போகவில்லை. இரண்டு வருடம். உள்ளே குடியிருந்தது சூடோமோனாஸ். தட்டில் பச்சையாகப் படர்ந்து, மூடியைத் திறந்தால் பழுத்த திராட்சை வாசனை அடிக்கும். அந்த வாசனைக்கு ஏமாந்துவிடக் கூடாது, பிடிவாதம் பிடித்த கிருமி. ஜும்பெரின் கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை. இரண்டு முறை ரத்தத்தில் கலந்து குளிர்ஜுரம் வந்து பிழைத்தவர். மூன்றாவது முறை பிழைக்கமாட்டார் என்று சொல்லி, காலை எடுக்க நாள் குறித்துவிட்டார் அறுவை மருத்துவர் மிரியான். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

அதற்கு மூன்று வாரம் முன்னால் ஜும்பெரின் மனைவி நஸிப்ரோலா எங்கள் கூடத்துக்கு வந்தாள். எங்கள் ஊரில் நோயாளியின் சீழைத் தொட்டெடுத்த குச்சியை வீட்டார்தான் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துவந்து தருவார்கள். கார் உதிரிபாகம் விற்கும் கடையில் வேலை செய்கிறவள், நல்ல உயரம், கண்ணைப் பார்த்துப் பேசுவாள். கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகக் கண் உண்டு.

எங்களிடம் தயாராக இருந்த ஃபேஜ் கலவைகள் எதுவும் அந்தக் கிருமியைத் தொடவில்லை. அதில் அதிசயம் இல்லை. ஃபேஜ் என்பது பாக்டீரியாவை மட்டும் பிடிக்கும் வைரஸ். அதிலும் ஒவ்வொரு ஃபேஜுக்கும் ஒரு பூட்டுதான் திறக்கும். பாக்டீரியாவின் மேல்தோலில் தனக்குப் பிடி கிடைத்தால் உட்கார்ந்து, தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தி, நூறாகப் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பிடி கிடைக்காவிட்டால் பக்கத்திலேயே கிடந்தாலும் ஒன்றும் செய்யாது. மனித உடம்பை ஏறெடுத்தும் பார்க்காது. அந்த நல்ல குணம்தான் தொந்தரவும்: ஒருவருக்குக் கேட்டது இன்னொருவருக்குக் கேட்காது. ஆயிரம் பேருக்கு ஒரே மருந்து கொடுத்துக் கணக்குப் பார்த்தால்தான் மற்ற நாடுகளில் அனுமதி தருவார்கள். ஆளுக்கொரு மருந்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது? அதனால்தான் இன்னும் எங்களைப் பாதி வைத்தியர்களாகவும் பாதி மந்திரவாதிகளாகவும் பார்க்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக் கழிவுநீர் ஆற்றில் விழும் இடத்தில் தண்ணீர் மொண்டுவந்து, வடிகட்டி, ஜும்பெரின் கிருமியோடு சேர்த்து வளர்த்து, நாலாவது நாள் ஒரு ஃபேஜைப் பிடித்தேன். லட்சம் மடங்கு கரைத்தும் ஓட்டை போட்டது. சுத்தம் செய்து ஆம்பூல் என்ற சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்தோம். தினமும் காயத்துக்குள் சொட்டு விடவேண்டும்.

"இது என்ன, சாக்கடைத் தண்ணியா?" என்று போனில் கேட்டார் மிரியான்.

"அதுல இருந்துதான் பிடிச்சேன், பத்தோனோ மிரியான். மருந்துல சாக்கடை இல்ல."

"போடறேன். ஆனா செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமைதான். ஏதாவது ஒரு மருந்துக்குக் கிருமி கட்டுப்படுதுன்னு காகிதத்துல காட்டினா மட்டும் தள்ளிவைப்பேன்."

இதை நான்தான் நஸிப்ரோலாவிடம் சொன்னேன். அவள் கைப்பையிலிருந்து ரசீது ஒன்றை எடுத்து அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

"அப்போ டாக்டர் காத்திருக்கணும்னா காகிதத்துல என்ன வரணும்? சரியா சொல்லுங்க, கல்பத்தோனோ லமாரா." எங்கள் ஊரில் ஆண்களைப் பத்தோனோ என்றும் பெண்களைக் கல்பத்தோனோ என்றும் அழைப்பதுதான் மரியாதை.

"ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் கேக்கணும்."

"எது?"

"எதுவோ ஒண்ணு. ஜும்பெர் கிருமிக்கு எதுவும் கேக்காது, அதனால அந்தக் கவலை வேண்டாம். நாம ஃபேஜைப் பார்ப்போம்."

அவள் எழுதினாள். அந்த எழுத்து எனக்கு உறுத்தியது. இப்போது சொல்கிறேனே ஒழிய அன்றைக்கு ஏன் உறுத்துகிறது என்று தெரியவில்லை.

பத்து நாள் மருந்து விட்டார்கள். முதல் வாரம் சீழ் பாதியாகக் குறைந்தது, ஜுரம் நின்றது. ஜும்பெர் பீன்ஸ் குழம்பு கேட்டுச் சாப்பிட்டார் என்று நஸிப்ரோலா போன் செய்து அழுதாள். பிறகு சீழ் மறுபடி வந்தது. பதினோராவது நாள் அவள் புதுக் குச்சி கொண்டுவந்தாள்.

"நர்ஸ்தானே எடுத்தா?"

"அக்கா மகனுக்கு ஞானஸ்நானம்னு போயிருந்தா. நானே எடுத்தேன். எப்படி எடுக்கணும்னு எனக்கு இப்போ அத்துப்படி."

வெள்ளிக்கிழமை காலை தட்டை எடுத்துப் பார்த்தேன். பச்சை இல்லை. தட்டு முழுக்கப் பழுப்பு, பால் விடாத கட்டன் தேநீர் கொட்டின மாதிரி. எங்கள் ஃபேஜ் சொட்டு விட்ட இடத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. அதைவிட, அமிகாசின் மருந்து தோய்த்த வட்டக் காகிதத்தைச் சுற்றி நகக்கண்ணில் இருந்து நக நுனி அளவுக்குத் தெளிந்த வளையம். மூன்று வாரம் முன்னால் அதே அமிகாசினின் விளிம்பு வரை பச்சை ஏறியிருந்தது.

நிறம் வேறு. ஃபேஜ் ஏறவில்லை. கேட்காத மருந்து கேட்கிறது. டாக்டர் காத்திருக்க என்ன வரவேண்டுமோ, அதுவே வந்திருக்கிறது.

இப்படிக் குச்சி மாற்றுகிறவர்களை நான் இதற்கு முன் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் தொண்டைக்குப் பதில் தன் தொண்டையைத் துடைத்துக்கொண்டுவந்த தாயையும் பார்த்திருக்கிறேன். பாசத்தால் செய்கிற பொய்தான் எல்லாப் பொய்யிலும் கெட்டி.

"வேற யாரோ கிருமி" என்றேன் வக்தாங்கிடம். "ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரனோட புண்ணைத் துடைச்சிருக்கா."

"இல்ல, அதே கிருமி மாறியும் இருக்கலாமே. ஃபேஜுக்குத் தப்பிச்சா கிருமி எதையாவது இழக்கும்னு கட்டுரைகள்ல எழுதறாங்க."

"எழுதறவன் ஆயிரம் எழுதுவான். இவ்வளவு வசதியா மாறுமா? அவ ரசீதுல எழுதிவச்ச மாதிரியே?"

மிரியானுக்குப் போன் செய்தேன். சொல்லாமல் இருக்கமுடியாது. பொய்க் காகிதத்தை நம்பி அறுவையைத் தள்ளிவைத்து அந்த மனுஷன் ரத்தத்தில் கிருமி ஏறிச் செத்தால், அந்தச் சாவில் என் கையெழுத்து இருக்கும்.

"இந்தக் குச்சி அவரோடதுன்னு நான் நம்பலை" என்றேன்.

"யார் எடுத்தது?"

"மனைவி."

மறுமுனையில் பெருமூச்சு. "சரி. செவ்வாய்க்கிழமை."

மதியமே நஸிப்ரோலா வந்துவிட்டாள். கோட்டுப் பொத்தானைக்கூடத் தப்பாகப் போட்டிருந்தாள்.

"நான் மாத்தினேன்னு சொன்னீங்களா?"

"நீ சொல்லு. மாத்தினியா?"

"என் புருஷன் கால்ல இருந்து என் கையால எடுத்தேன். அந்த ஓட்டைக்குள்ள குச்சியை விடும்போது அவர் கட்டில் கம்பியைக் கடிச்சார். அதையும் மாத்தி எடுத்துட்டேனா?"

"கோபப்பட்டா கிருமி நிறம் மாறாது, ம்மா."

"உங்க கண்ணு மாறணும்" என்றாள். "ஊரையே திருட்டுப்பயன்னு பார்க்கற கண்ணு. உங்க வீட்டுக்காரர் எப்படித்தான் உங்க கூட இருந்தாரோ!"

இருக்கவில்லை. அவளுக்கு அது தெரியாது. ஆனாலும் சுருக்கென்றது, அதனால் நானும் ஒரு சொல் கூட்டியே சொன்னேன்: "உன் பொய்யால அவர் செத்தா, சாவு விருந்துக்கு என்னைக் கூப்பிடாதே."

அவள் தப்பாகப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். பிறகு போய்விட்டாள்.

சனிக்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குப் போய், நானே குச்சி எடுத்தேன். ஜும்பெர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், நஸிப்ரோலா வராந்தாவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை. விசாரித்தேன். அறுவைக்குத் தயார் செய்ய வெள்ளி மாலையிலிருந்தே காயத்தை அயோடினால் கழுவத் தொடங்கிவிட்டார்களாம். யார் கழுவியது, நர்ஸா இவளா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். என் புத்தி அப்படி.

ஆனால் வெள்ளிக்கிழமையே இன்னொரு காரியம் தொடங்கியிருந்தேன். அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் தொடங்கினேன், அதை மறைக்கப்போவதில்லை. ஜும்பெரின் முதல் கிருமி, அந்தப் பழைய பச்சை, எங்கள் குளிர்பெட்டியில் பத்திரமாக இருந்தது. அந்தப் பெட்டியின் சாவி என் கழுத்தில். அதை ஒரு தட்டு முழுக்கப் பரப்பி, மேலே எங்கள் ஃபேஜையும் விட்டு, வெப்பப் பெட்டியில் வைத்தேன். கோடிக்கணக்கான கிருமியில் சில மட்டும் எப்படியாவது தப்பும். அந்தத் தப்பினவை பச்சையாக, அமிகாசினுக்கு மசியாமல் இருந்தால், அவள் கொண்டுவந்த பழுப்பு வேறு ஆளுடையது. என் சந்தேகம் சாட்சியோடு நிற்கும்.

ஞாயிறு மதியம், தெளிந்த தட்டில் பதினேழு புள்ளிகள் முளைத்திருந்தன. பத்து பச்சை. ஏழின் ஓரத்தில் லேசாக ஒரு நிறம்.

"அழுக்கு" என்றேன்.

வக்தாங் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். "லமாரா, இது பழுப்பு."

"தட்டு காய்ஞ்சா அப்படித்தான் தெரியும்."

"பிறந்ததிலிருந்தே நீ இப்படியா?"

ஏழையும் தனித்தனியாகக் கீறிப் புதுத் தட்டுகளில் வளர்த்தேன். திங்கட்கிழமை அவற்றின் மேல் அமிகாசின் காகிதம் வைத்தேன். அன்று இரவு தூங்கினேன் என்று சொன்னால் யாரும் நம்பவேண்டாம்.

செவ்வாய் காலை ஏழரைக்கு வெப்பப் பெட்டியைத் திறந்தேன். ஏழும் கட்டன் தேநீர். ஆறில் அமிகாசினைச் சுற்றி அதே அளவு வளையம். அளவுகோல் வைத்தேன், மறுபடி வைத்தேன். நஸிப்ரோலா கொண்டுவந்த தட்டின் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் புரிந்தது, புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஃபேஜ் பிடித்துத் தொங்கும் பிடியைக் கழற்றி எறிய அந்தக் கிருமி தன் மரபில் ஒரு பெரிய துண்டையே வெட்டிப் போட்டிருந்தது. பூட்டைக் கழற்றத் தெரியாதவன் கதவு, நிலை, பாதிச் சுவர் எல்லாவற்றையும் இடித்தமாதிரி. அந்தத் துண்டிலேயே நிறத்தைக் காப்பாற்றும் பகுதியும் இருந்தது, அதனால் பழுப்பு. மருந்தை உள்ளே வரவிடாமல் வெளியே இறைக்கும் பம்பும் இருந்திருக்கவேண்டும், அதனால் அமிகாசின். வக்தாங் சொன்னதுதான், எழுதுகிறவர்கள் எழுதியதுதான். ஜும்பெரின் காலுக்குள் பதினோரு நாளில் நடந்ததே என் பெட்டிக்குள் இரண்டு நாளில் நடந்திருக்கிறது. இங்கே வந்து குச்சி மாற்ற யாருமில்லை. சாவி என் கழுத்தில்.

போன் செய்தேன். மிரியான் எடுத்தார்.

"கால்ல இருக்கறது அதே கிருமிதான். அமிகாசின் கேக்கும். வெட்டாதீங்க."

"வெள்ளிக்கிழமை வேற ஆளோடதுன்னீங்க. இன்னிக்கு அதேன்னு சொல்றீங்க. எந்த லமாராவை நான் நம்பணும்?"

"தட்டோட வரேன்."

"பத்து மணிக்கு நான் உள்ளே போயிடுவேன்."

தட்டுகளை டேப் ஒட்டி, டப்பாவில் அடைத்து, டாக்ஸி பிடித்தேன். பாலத்தில் நெரிசல். நெரிசலைக்கூட யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று தோன்றியது.

ஜும்பெரைத் தள்ளுகட்டிலில் ஏற்றி அறுவை அறை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே, வெட்டவேண்டிய இடத்தில், ஊதாப் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு. நஸிப்ரோலா வராந்தாவின் அந்தக் கோடியில், கட்டிலுக்குக் கிட்டக்கூட வராமல் நின்றாள். மிரியான் தட்டுகளை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இதை யார் செஞ்சது?"

"நான்தான். பூட்டின அறையில. நஸிப்ரோலா நிழல்கூடப் படலை."

"எத்தனை நாளைக்குக் கேக்கும்?"

"தெரியாது. எலும்புக்குள்ள செத்த துண்டு இருந்தா மருந்து எட்டாது, நீங்கதான் சுரண்டி எடுக்கணும். பச்சையாவே தப்பின கிருமியும் உள்ளே இருக்கும், அதுக்கு நான் புதுசா ஃபேஜ் தேடணும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உடம்பே என் ஃபேஜை எதிர்த்து அழிக்க ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்கும். எழுதித் தரமாட்டேன். ஆனா இப்போ, இந்த வாரம், அந்தக் கிருமி நிராயுதபாணி."

மிரியான் கையுறையைக் கழற்றினார். "சுரண்டி எடுத்துட்டு, ரெண்டு வாரம் அமிகாசின். அந்த மருந்து சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கும், அதை நான் தினம் பார்க்கறேன். ஜுரம் வந்தா அன்னிக்கே வெட்டு."

நான் வராந்தாவின் கோடிக்கு நடந்தேன். அந்த இருபது அடியைப் போல நீளமாக எதையும் நான் நடந்ததில்லை.

"தப்பு என்னோடது" என்றேன். "நீ மாத்தலை. மன்னிச்சுடு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "என்கிட்ட எதுக்கு? நான் மாத்தலைன்னு எனக்குத் தெரியும். அவர்கிட்ட சொல்லுங்க. வெள்ளிக்கிழமை டாக்டர் சொன்னதுல இருந்து என் கையால தண்ணி குடிக்கலை."

தள்ளுகட்டிலுக்குத் திரும்பி வந்து, நர்ஸுகளுக்கு நடுவே, உரக்கவே சொன்னேன். ஜும்பெர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"ரெண்டு வருஷமா வெட்ட விடமாட்டேன்னு சண்டை போட்டேன்" என்றார். "சனிக்கிழமை நானே கையெழுத்துப் போட்டேன். காலுக்காக இல்ல, கல்பத்தோனோ. இவளே என்கிட்ட பொய் சொல்றான்னா, அப்புறம் கால் இருந்து எங்கே நடக்கப்போறேன்னு போட்டேன்."

நஸிப்ரோலா அதைக் கேட்டுவிட்டாள். மெல்ல வந்தாள். பக்கத்து மேசையிலிருந்த ஈரத் துணியை எடுத்து, அந்த ஊதாக் கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அது போகாதும்மா" என்றாள் நர்ஸ். "ரொம்ப நாள் இருக்கும்."

நஸிப்ரோலா தேய்ப்பதை நிறுத்தவில்லை. நானும் இன்னொரு துணியை எடுக்கக் கை நீட்டினேன். அவள் மேசையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.